ஆஃபர் மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பட்டுப்புடவைக் கடை தன் வாடிக்கையாளர்கள் 12,000 பேருக்கு ஒரே மெயிலை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சப்ஜெக்ட் ஒன்று, உள்ளே இருக்கும் படங்கள் ஒன்று, அனுப்பிய நிமிடமும் ஒன்று. அக்காவின் ஜிமெயிலில் அது இன்பாக்ஸில் வந்து உட்காருகிறது. அதே வீட்டில் இருக்கும் தங்கைக்கு ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. கடைக்காரர் சப்ஜெக்ட்டில் இருக்கும் ‘ஆஃபர்’ என்ற சொல்லைத்தான் சந்தேகப்படுவார். சொல் மட்டுமே குற்றவாளி என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா ஸ்பேமில் போயிருக்க வேண்டும்?

சொல்லைச் சந்தேகப்படுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்பேம் வடிகட்டிகள் பெரும்பாலும் மதிப்பெண் போட்டே வேலை செய்தன. ஸ்பேம்அசாசின் என்ற மென்பொருள் இன்றும் பல வெப்ஹோஸ்டிங் சர்வர்களில் ஓடுகிறது. மெயிலை நூற்றுக்கணக்கான விதிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு விதிக்கும் சில புள்ளிகளைக் கூட்டும், சிலவற்றுக்குக் கழிக்கும். சப்ஜெக்ட் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் `SUBJ_ALL_CAPS` என்ற விதி பாயும். மொத்தம் 5 புள்ளியைத் தொட்டால் ஸ்பேம் முத்திரை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் நம் சப்ஜெக்ட்டுகளுக்கு இந்த ஒரு விதியில் மட்டும் இயற்கையாகவே விலக்கு.

2002 ஆகஸ்டில் அமெரிக்க நிரலாளர் பால் கிரகாம் வேறொரு வழியைப் பிரபலமாக்கினார். விதிகளை மனிதர் எழுத வேண்டாம். நல்ல மெயில் சுமார் 4,000, ஸ்பேம் சுமார் 4,000 எடுத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினாலே போதும் என்றார். அப்படி எண்ணியபோது அவருக்கே எதிர்பாராத ஒன்று சிக்கியது. பளீரென்ற சிவப்பு நிறத்தைக் குறிக்கும் `ff0000` என்ற குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு இணையாக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குச் சிவப்பு எழுத்தில் அவ்வளவு மோகம்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, நல்ல சொற்களும் எடை போடப்படுகின்றன என்பதுதான். ஒருவருடைய பெட்டியில் ‘ஆஃபர்’ என்ற சொல் நல்ல மெயிலைவிட ஸ்பேமில் பத்து மடங்கு அதிகமாக வருகிறது என்று வையுங்கள். அதே பெட்டியில் ‘ஆரணி’ என்ற சொல் ஸ்பேமைவிட நல்ல மெயிலில் இருபது மடங்கு அதிகம், ஏனென்றால் அவர் ஆரணிப் பட்டு வாங்கி, ரசீதுகள் வந்து, அவற்றைத் திறந்து பார்த்திருக்கிறார். இரண்டு சொல்லும் ஒரே மெயிலில் வந்தால் பத்தை இருபதால் வகுக்க வேண்டும். தராசு நல்ல பக்கமே சாயும். ஆரணியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர் பெட்டியில் அந்த எதிர் எடை இருக்காது. அக்காவுக்கும் தங்கைக்கும் வந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேயே விளங்கிவிடும்.

ஆகவே ‘ஸ்பேம் வரவழைக்கும் நூறு சொற்கள்’ என்று சுற்றிவரும் பட்டியல்களை ஓரமாக வைத்துவிடலாம். அதைவிட மோசம், அந்தச் சொற்களை மறைத்து எழுதும் தந்திரம். எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பது, ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் போடுவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் செருகுவது என்று இதில் பல வகை. ‘இலவசம்’ என்று நேராக எழுதும் நேர்மையான கடைகள் ஆயிரம் உண்டு, ‘இ.ல.வ.ச.ம்’ என்று எழுதும் நேர்மையான கடையை நான் பார்த்ததில்லை. வடிகட்டியும் அப்படித்தான் நினைக்கும். இப்படிச் சிதைத்து எழுதியதையும் சரியாகப் படிக்கும் ரெட்வெக் என்ற முறையை ஜிமெயிலில் சேர்த்திருப்பதாக கூகுள் 2023இல் அறிவித்தது.

இன்றைய பெரிய மெயில் நிறுவனங்கள் சொற்களுக்கு முன்னால் ஆளைப் பார்க்கின்றன. மெயில் எந்த சர்வரிலிருந்து வருகிறது, அந்த சர்வர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, ‘அனுப்புநர்’ இடத்தில் இருக்கும் டொமைன் உண்மையிலேயே இவருடையதா? கடைசிக் கேள்விக்கு மூன்று சோதனைகள். இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்பது எஸ்.பி.எஃப். மெயிலில் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து டி.கே.ஐ.எம். இவற்றில் தேறிய டொமைனும், படிப்பவர் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனும் பொருந்த வேண்டும் என்பது டிமார்க். உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயிலை அனுப்பி, கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்தினால், இதற்கான வரிகள் இப்படித் தெரியும்:

```
Authentication-Results: mx.google.com;
  dkim=pass header.i=@example.com;
  spf=pass smtp.mailfrom=bounce@mail.example.com;
  dmarc=pass header.from=example.com
```

மூன்றிலும் `pass` இல்லாவிட்டால் சப்ஜெக்ட் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். எந்தச் சப்ஜெக்ட் வைத்தாலும் வரும் முடிவு, கையெழுத்து இல்லாத மெயிலின் கதையாகத்தான் இருக்கும்.

2024 பிப்ரவரி முதல், ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயில்களும் அதற்கு மேலும் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது; யாஹூவும் சேர்ந்துகொண்டது. விளம்பர மெயில் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும், விலகக் கேட்டவர் பெயரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். நம் புடவைக் கடையின் 12,000 பேரில் 10,000 பேர் ஜிமெயில் என்றால், ஒரே நாளில் அனுப்பும்போது கடை இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

அந்த விதிகளிலேயே ஓர் எண் இருக்கிறது. மெயிலைப் பெற்றவர்கள் `Report spam` பொத்தானை அழுத்தும் விகிதம் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30-ஐ ஒருபோதும் தொடக் கூடாது. 10,000 மெயில் இன்பாக்ஸில் விழுந்தால் பத்துப் பேர் அழுத்துவதே எச்சரிக்கை, முப்பது பேர் அழுத்தினால் ஆபத்து. சப்ஜெக்ட் வரி உண்மையில் வடிகட்டியைத் தூண்டும் இடம் இதுதான். பொய்யாக `Re:` என்று தொடங்கும் சப்ஜெக்ட், ஏற்கெனவே நடந்த உரையாடலுக்குப் பதில் வந்த மாதிரி தோன்றும். திறப்பவர்கள் கூடுவார்கள். திறந்தவுடன் புடவை விளம்பரம் என்று தெரிந்தால் எரிச்சலில் கை அந்தப் பொத்தானுக்குப் போகும். அந்த அழுத்தங்கள் டொமைனின் கணக்கில் ஏறி, அடுத்த வாரம் அனுப்பும் நேர்மையான மெயிலையும் இழுத்துக்கொண்டு போய் ஸ்பேமில் தள்ளும். அமெரிக்காவில் ஏமாற்றும் சப்ஜெக்ட்டை 2003ஆம் ஆண்டின் கேன்-ஸ்பேம் சட்டமே தடைசெய்திருக்கிறது.

புகார் விகிதத்தை கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் தளத்தில் டொமைன் உரிமையாளர் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு பொறி. இன்பாக்ஸில் விழுந்த மெயிலைத்தான் ஒருவர் ஸ்பேம் என்று புகார் செய்ய முடியும். உங்கள் மெயில்கள் நேராக ஸ்பேமுக்கே போகத் தொடங்கிவிட்டால் புகார் விகிதம் அழகாகக் குறையும். ‘புகாரே இல்லை’ என்று மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் மெயிலைப் பார்ப்பதற்கே ஆள் இல்லாமல் போயிருக்கும்.

இனி சோதனைக்கு வருவோம். கடைக்காரரிடம் இரண்டு சப்ஜெக்ட்டுகள் இருக்கின்றன. ஒன்று, ‘தீபாவளி ஆரணிப் பட்டு: 20 சதவீதம் தள்ளுபடி’. மற்றது, ‘20 சதவீதம் தள்ளுபடி: தீபாவளி ஆரணிப் பட்டு’. சொற்கள் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. முன்னால் வர வேண்டியது புடவையா, தள்ளுபடியா என்பதே கேள்வி. முதலில் வருவதை அ என்றும் மற்றதை ஆ என்றும் வைப்போம். இரண்டில் ஒன்றில் எமோஜியும் ஆச்சரியக்குறியும் சேர்த்து, இன்னொன்றில் நேரத்தையும் மாற்றினால், ஜெயித்தது எது என்று தெரியும், எதனால் என்று தெரியாது.

முதல் வேலை, இரண்டையும் கையில் இருக்கும் சில ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் முகவரிகளுக்கு அனுப்பிப் பார்ப்பது. கடைக்காரரின் சொந்தப் பெட்டி அவரை ஏற்கெனவே அறியும், ஆகவே அங்கே இன்பாக்ஸில் விழுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இந்தச் சுற்றின் பயன் உடைசலைப் பிடிப்பதுதான், முக்கியமாகத் தமிழில். மெயிலின் தலைப்புப் பகுதி ஆங்கில எழுத்துகளுக்காக உருவானது; தமிழ் சப்ஜெக்ட் பெரும்பாலும் மாற்றுருவில்தான் பயணிக்கிறது. ‘தீபாவளி’ என்ற ஒரே சொல் கம்பியில் போகும்போது இப்படி இருக்கும்:

```
Subject: =?UTF-8?B?4K6k4K+A4K6q4K6+4K614K6z4K6/?=
```

இப்படி ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் குறிகள் போக 45 பைட்தான் மிஞ்சும். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட்; ‘தீ’ என்பதில் த ஒன்று, ஈகாரக் குறி ஒன்று என இரண்டு. ஆக, ஒரு துண்டில் பதினைந்து குறிகள். நம் சப்ஜெக்ட் மாதிரி நீளமானதை இரண்டு, மூன்று துண்டாக வெட்டித்தான் ஆக வேண்டும். இடைவெளியும் எண்களும் ஒரே பைட் என்பதால், 45 எண்ணி கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் மலிவு மென்பொருள் சில சமயம் ஓர் எழுத்தின் நடுவிலேயே கத்தியை வைக்கும். வாசகருக்கு சப்ஜெக்ட்டின் இடையில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரக் கட்டங்கள் தெரியும். அதைப் பார்த்துப் புகார் பொத்தானை அழுத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வேலை, பட்டியலைச் சரிபாதியாகப் பிரிப்பது. மேலே இருக்கும் 6,000 பேருக்கு அ, கீழே இருக்கும் 6,000 பேருக்கு ஆ என்று அனுப்புவதே வழக்கமான தவறு. பட்டியல் பெரும்பாலும் சேர்ந்த தேதிப்படி இருக்கும். மேலே இருப்பவர்கள் ஐந்து வருடம் முன் சேர்ந்தவர்கள், பாதி முகவரி செத்திருக்கும். எக்செல்லில் பக்கத்துக் கட்டத்தில் `=RAND()` என்று போட்டு, அந்த எண்களின்படி வரிசைப்படுத்தினால் பட்டியல் கலைந்துவிடும். பிறகு ஒற்றை வரிசைக்கு அ, இரட்டை வரிசைக்கு ஆ.

மூன்றாவது, இரண்டையும் ஒரே நேரத்தில், மாறிமாறி அனுப்ப வேண்டும். காலையில் அ, மாலையில் ஆ என்று அனுப்பினால், காலையில் வந்த புகார்களின் சுமை மாலையில் ஆ-வின் தலையில் ஏறும். இரண்டும் ஒரே டொமைன் அல்லவா? இதே காரணத்தால் ஒரு யோசனை நிறையப் பேருக்கு வருகிறது: அபாயமான சப்ஜெக்ட்டைப் புதிதாக வாங்கிய ஒரு டொமைனிலிருந்து சோதித்துவிட்டால் என்ன? கூடாது. நேற்றுப் பிறந்த டொமைனை எந்த வடிகட்டியும் நம்பாது. வரும் முடிவு டொமைனின் வயதைத்தான் அளக்கும், சப்ஜெக்ட்டை அல்ல. போதாக்குறைக்கு, பல டொமைன்களில் பரப்பி அனுப்புவது ஸ்பேம் ஆசாமிகளின் பழைய உத்தி. புகார் வாங்கும் என்று சந்தேகம் இருக்கிற சப்ஜெக்ட்டைப் பாதுகாப்பாகச் சோதிக்க இடமே கிடையாது; அதை எழுதாமல் விடுவதுதான் வழி.

நான்காவது, எதை எண்ணுவது? திறந்தவர் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். மெயிலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இறங்கினால் ‘திறக்கப்பட்டது’ என்று கணக்காகும். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கியவர்களுக்கு, அவர்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கிவிடுகிறது. கடைப் பக்கத்துக்கு வந்த கிளிக்கை எண்ணுங்கள், முடிந்தால் ஆர்டரை. கிளிக்கிலும் அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள் மெயில் வந்த சில நொடியில் எல்லா இணைப்பையும் தானே தட்டிப் பார்ப்பது உண்டு. அவற்றைக் கழித்துவிட வேண்டும்.

நம் கடையில் அ-வுக்கு 180 கிளிக், ஆ-வுக்கு 210 என்று வந்தால்? ஆ ஜெயித்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் ஆட்கள் சமம், கிளிக் விகிதமும் சிறியது என்றால், இரண்டு எண்ணையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரட்டிப்பாக்குங்கள். வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் பொருட்படுத்தலாம். 180-உம் 210-உம் 390, வர்க்கமூலம் ஏறக்குறைய 20, இரட்டித்தால் 40. வித்தியாசமோ 30. ஒரே சப்ஜெக்ட்டை இரு பாதிக்கும் அனுப்பியிருந்தாலும் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வரலாம்.

12,000 பேர் உள்ள கடைக்கே இந்த நிலை. அப்படியிருக்க 500, 500 பேருக்கு அனுப்பி மதியத்துக்குள் ‘வெற்றியாளரை’ அறிவிக்கும் மென்பொருள் வசதிகள் எதைக் கண்டுபிடிக்கின்றன என்று எனக்குப் புரிவதில்லை. புகாரை அளக்க அது இன்னும் பயனற்றது: ஆயிரத்துக்கு ஒருவர் என்ற ஆபத்தான விகிதத்தில்கூட 500 பேரில் அரை ஆள்தான் அழுத்தியிருப்பார். வழி, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, முகூர்த்த மாதங்களுக்கு என்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பட்டியலைப் புதிதாகக் கலைத்து, புடவை முன்னால், தள்ளுபடி முன்னால் என்று அனுப்பி, கிளிக்குகளைக் கூட்டுங்கள். நான்கு முறையும் அதே 180, 210 வந்தால் மொத்தம் 720, 840. கூட்டினால் 1,560, வர்க்கமூலத்தின் இரட்டிப்பு 79, வித்தியாசம் 120. இப்போது நம்பலாம்.

முடிவு மோசமாக வந்தால் காரணம் சப்ஜெக்ட்டா, வடிகட்டியா என்று பிரிப்பதற்கு ஒரு நல்ல வழி உண்டு: கிளிக்குகளை மெயில் நிறுவனம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வழக்கமாக எங்கும் நூற்றுக்கு மூன்று கிளிக் வரும் கடை இது. ஜிமெயிலில் 5,000 பேருக்குப் போன அ-வுக்கு 150 வர வேண்டிய இடத்தில் 40 வந்து, மற்ற நிறுவனங்களின் 1,000 பேரில் வழக்கம்போல 30 வந்தால், ஜிமெயில் அந்த மெயிலை ஸ்பேமில் போட்டிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். எல்லா இடத்திலும் அ மட்டும் சமமாகச் சரிந்திருந்தால் வடிகட்டிமேல் பழி இல்லை, சப்ஜெக்ட் ஆட்களைக் கவரவில்லை. ஜிமெயிலில் அ, ஆ இரண்டுமே சரிந்திருந்தால் டொமைனின் பெயரே கெட்டிருக்கிறது. சப்ஜெக்ட்டைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. ஜிமெயிலின் `Promotions` பிரிவில் விழுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். விளம்பரத்துக்கு அதுதான் இடம். அது ஸ்பேம் ஆகாது.

பெயர் கெட்டுவிட்டால் புதுச் சப்ஜெக்ட் தேடுவதை நிறுத்திவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் கிளிக் செய்தவர்களுக்கோ புடவை வாங்கியவர்களுக்கோ மட்டும் அனுப்ப வேண்டும். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 0.30 சதவீதத்தைத் தாண்டியவர்கள் கூகுளிடம் மெயில் சேர்க்கை பற்றி முறையிட்டு நிவாரணம் கேட்க வேண்டுமானால், புகார் விகிதம் தொடர்ந்து ஏழு நாள் அந்த அளவுக்குக் கீழே இருந்தாக வேண்டும். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது இது நடந்தால், அந்த ஆண்டு தீபாவளி விற்பனைக்கு மெயில் உதவாது. கடைக்காரர் வாசலில் பேனர் கட்ட வேண்டியதுதான்.